அரை மில்லி

கல்லுக்காடு எஸ்டேட்டில் மருந்து பாட்டில் இல்லாத தொழிலாளர் லயமே கிடையாது. பச்சைக் கண்ணாடி பாட்டில், தக்கை மூடி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை. அந்தப் பட்டையின் ஓரத்தில் படிபடியாக வெட்டியிருக்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைப்பட்ட மருந்து ஒரு வேளைக்கு உரியது. கரண்டி வேண்டாம், எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டாம். அந்தப் பட்டைகளைக் கத்தரியால் வெட்டி, மைதாப் பசையால் ஒட்டியவர் எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒச்சப்பன்.

அவருக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். வீட்டில் எல்லோருக்கும் நிலக்கடலையும் சோளமும்தான் சோலி. இவர் மட்டும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு போடியில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கப் போய்ச் சேர்ந்தார். அங்கே கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதித் தேறி, 1969-ல் மலை ஏறினார். எங்கள் எஸ்டேட் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்குப் போகும் பக்கம் இருந்தது. டாக்டர் மாதம் இரண்டு முறை வந்து போவார். மற்ற நாட்களில் ஒச்சப்பன்தான். இருமல், கழிச்சல், அட்டை கடித்த புண், ஏலக்காய் ஸ்டோரில் சுட்டுக்கொண்ட கை எல்லாம் அவரிடம்தான் வரும். நான் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்தேன். டிஸ்பென்சரிக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் பேசுவது எனக்குக் கேட்கும்.

அவர் வாய் சும்மா இருக்காது. "என்ன மாப்ளே, வயித்துவலியா, வேலை வலியா?" என்பார். வேலை வலிக்கும் ஒரு மிக்சர் வைத்திருந்தார். ஓமத் தண்ணீரும் சோடா உப்பும். கசப்புக்காகக் கொஞ்சம் நிலவேம்பு. அதைக் குடித்தவன் மறுநாள் தவறாமல் ஏலக்காட்டு வேலைக்குப் போவான்.

இவ்வளவையும் முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1982-ம் வருஷத்து மழைக்காலத்தில் நடந்ததை மட்டும் கேட்டவர்கள் அவரை அலட்சியக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

ஏலக்காய் எடுக்கும் பொன்னுமணிக்கு இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தது. பெயர் ஜக்கம்மாள். புருஷன் கன்னையன் காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தான். பிள்ளை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கியது, நெற்றி வேர்த்தது, எடை ஏறவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது இதயத்தில் ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளை வளர வளரச் சிறு ஓட்டை தானாக மூடுவதும் உண்டு, அதுவரை மருந்தில் ஓட்டலாம் என்றார்கள். கொடுத்த மருந்தின் பெயர் டிகாக்சின். தளர்ந்த இதயத்தை அது பலமாகவும் நிதானமாகவும் துடிக்க வைக்கும். ஆனால் பிழைக்க வைக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே அதில் இடைவெளி மிகக் குறைவு. கூடினால் துடிப்பு மெதுவாகிக்கொண்டே போய் நின்றும்விடும்.

குழந்தைகளுக்கான டிகாக்சின் தண்ணீர் மருந்தாகச் சின்ன பாட்டிலில் வரும். கூடவே கோடு போட்ட சொட்டுக் குழாய் ஒன்று இருக்கும். மதுரையில் பொன்னுமணிக்கு அந்தக் குழாயில் ஒரு கோட்டைக் காட்டிக் கொடுத்தார்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அந்தக் கோடு வரை உறிஞ்சி நாக்கில் விட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். பிள்ளை கொஞ்சம் தேறியது. ஏழாவது மாதத்தில் எடை ஐந்து கிலோ வந்தது.

அந்த மழையில் ஒரு நாள் லயத்துப் பலகையிலிருந்து பாட்டில் உருண்டு விழுந்து உடைந்தது. குழாயும் போயிற்று. பொன்னுமணி மதுரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தாள். ஒச்சப்பன் அன்றே ஜீப்பில் சொல்லிவிட்டு, போடி மருந்துக் கடையிலிருந்து புதுப் பாட்டில் வரவழைத்தார். சாயந்திரம் பாட்டில் வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருந்த சொட்டுக் குழாய் நொறுங்கிக் கிடந்தது. மலை ரோட்டில் வரும் கண்ணாடிச் சாமானுக்கு அது புதிதல்ல.

குழாய் இல்லாததால் அளவை அவரே கணக்குப் போட வேண்டியதாயிற்று. மதுரைச் சீட்டில், ஒரு வேளைக்கு 25 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தது. பாட்டிலின் மேல், ஒரு மில்லிலிட்டரில் 0.05 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. இரண்டும் சரி. ஒன்று மைக்ரோகிராமில் இருந்தது, மற்றது மில்லிகிராமில் இருந்தது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். ஆகவே 25 மைக்ரோகிராம் என்பது 0.025 மில்லிகிராம். பாட்டில் மருந்தில் அது அரை மில்லிலிட்டர்.

ஒச்சப்பன் 0.25 என்று எடுத்துக்கொண்டார்.

ஏன் என்று பிறகு எனக்குச் சொன்னார். அவருடைய அலமாரியில் டிகாக்சின் மாத்திரையும் இருந்தது. காவல்காரர் ராக்கையாவுக்காக வாங்கி வைத்தது. பெரியவர்களுக்கான அந்த மாத்திரையில் 0.25 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். வருஷக்கணக்காக டிகாக்சின் என்றால் அவர் கண்ணில் பட்ட எண் அது ஒன்றுதான். சீட்டில் 25 என்று கண்டதும் முன்னால் ஒரு பூஜ்யமும் புள்ளியும் தானாக வந்து நின்றுகொண்டன. 0.25-ஐ 0.05-ஆல் வகுத்தார். ஐந்து வந்தது. ஐந்து மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி. அவர் கட்டிய எல்லாக் குழந்தை மிக்சருக்கும் அதுதானே ஒரு வேளை அளவு! விடை அரையும் குறையுமாக வந்திருந்தால் மறுபடி பார்த்திருப்பார். பழகிய எண்ணாக வந்ததால் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கத்தரியை எடுத்தார். பட்டையில் ஐந்து மில்லிக்கு ஒரு படி வெட்டி, பாட்டிலில் ஒட்டினார்.

முதல் வேளையை டிஸ்பென்சரியிலேயே கொடுக்கச் சொன்னார். கொடுக்கும் முன் துடிப்பை எண்ண வேண்டும், நூறுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் இருந்தது. அதன்படி ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணினார். நூற்று முப்பது இருந்தது.

"முந்தி குழாயில சொட்டுச் சொட்டா விடுவேன். இப்ப இவ்வளவா இருக்கே?" என்று பொன்னுமணி கேட்டாள். அது எனக்குக் கேட்டது.

"அந்த மருந்து கெட்டியா இருந்திருக்கும் ஆத்தா. இது தண்ணியா வருது. கோடு பாத்து ஊத்து, ஒண்ணும் ஆகாது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். ஒரே மருந்து ஒரு கம்பெனியில் ஒரு பலத்திலும் இன்னொன்றில் வேறு பலத்திலும் வருவது அவர் பார்த்ததுதான்.

மறுநாள் காலையில் பொன்னுமணி லயத்திலேயே இரண்டாவது படி வரை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காய் எடுக்கப் போனாள். நடுப்பகலில் மழை வலுத்ததும் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியோடு நேரே டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"கம்பவுண்டரய்யா, பிள்ள ரெண்டு தரம் கக்கிருச்சு. மாரை வச்சா வாய் வைக்க மாட்டேங்குது. சளி பிடிச்சிருக்கோ என்னமோ."

"எங்க, கீழ போடு பாப்பம்."

"அப்புறம் இன்னொண்ணு. இந்த பாட்டிலு மூணு நாளுல தீந்துருமே. பழசு ஒரு மாசத்துக்கு வந்துச்சு. இப்பமே சொல்லி வைங்க, ஜீப்பு வராமப் போயிட்டா பிள்ளைக்கு மருந்து இல்லாமப் போயிரும்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒச்சப்பன் இருக்கும் அறையில் பேச்சு நின்றால் கவனிக்காமல் இருக்க முடியாது. எழுந்து போய்ப் பார்த்தேன். பாட்டில் மேசை மேல் இருந்தது. இரண்டு படி இறங்கியிருந்தது. அவர் கையில் மதுரைச் சீட்டு. உதடு மட்டும் அசைந்தது. சீட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. 

பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முடித்ததும் என்னைப் பார்த்தார்.  காதிலிருந்த குழாய்களைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

அதுவரை நான் எந்த இதயத்தையும் கேட்டதில்லை. லப் என்றது, டப் என்றது. பிறகு ஒன்றும் இல்லை. நின்றுவிட்டதோ என்று நான் நினைத்த பிறகுதான் அடுத்தது வந்தது.

"அறுவத்தி நாலு" என்றார் மெதுவாக. "ரைட்டரே, மருந்து கூடிப்போச்சு, ஜீப்பு வேணும். வெரசா."

மேனேஜர் கம்பத்துக்குப் போயிருந்தார். ஜீப்பில் ஏலக்காய் மூட்டை ஏற்றியாகிவிட்டது. டிரைவர் கோட்டைச்சாமி கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"லோடை இறக்கு" என்றேன்.

"யாரு சொன்னது? மேனேசர் வந்தா என் தோலை உரிச்சுப்புடுவாரு."

"நான் சொல்றேன். பிள்ளைக்கு ஆபத்து. போடி ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கோட்டைச்சாமி கயிற்றை அவிழ்த்தான். மூட்டைகளை மழையிலேயே உருட்டித் தள்ளினான். ஸ்டோரிலிருந்து கன்னையன் ஓடி வந்தான். முன்னால் நான், பின்னால் கன்னையனும் பொன்னுமணியும், எதிரே ஒச்சப்பன். சீட்டையும் பாட்டிலையும் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை.

போடிமெட்டில் மூடுபனி. முன்னால் போகும் மாடு கூடத் தெரியாது. கோட்டைச்சாமி தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் ஒச்சப்பனின் முதுகு கம்பியில் மோதியது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை நடுவில் நின்றால் நான் திரும்பிப் பார்த்தேன். மறுபடி தொடங்கினால் ரோட்டைப் பார்த்தேன்.

கன்னையனுக்கு யார் மேலாவது கோபம் வேண்டியிருந்தது. "ஏண்டி, எத்தன படி ஊத்துன? பேச்சு மும்முரத்துல ரெண்டு படி சேத்து ஊத்திட்டியா?"

"ஒரு படிதான் ஊத்துனேன். நேத்து ஒண்ணு, காலைல ஒண்ணு."

"உனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சு, உன்னைய இந்தப் பள்ளத்துல தள்ளிருவேன்."

"நான் கோட்டைத் தாண்டல. சத்தியமா நான் கோட்டைத் தாண்டல" என்று பொன்னுமணி அழுதாள். பிள்ளை அழவில்லை. ஏழு மாதப் பிள்ளை அந்தக் குலுக்கலில் அழாமல் கிடந்தது எல்லாவற்றையும் விட பயமாக இருந்தது.

ஒச்சப்பன் சும்மா இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் எல்லோரும் அவள் மேல்தான் பழி போட்டிருப்பார்கள். பட்டையைக் கிழித்துப் போட்டிருந்தால் அதற்கு மேல் அடையாளமும் இல்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ஸ்டெதஸ்கோப் வட்டு பிள்ளையின் நெஞ்சில் நிலையாக நிற்கவில்லை.

"கன்னையா, அவளைத் திட்டாத. அவ கோட்டைத் தாண்டல. கோடே தப்பு. நான் வெட்டுனது தப்பு. பத்து மடங்கு கூட வெட்டிட்டேன்."

 கன்னையன் அவரை அடிப்பான் என்று நினைத்தேன். கோட்டைச்சாமியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "அடிதடி எல்லாம் கீழ போய் வச்சுக்கங்க அப்பு, இது கொண்டை ஊசி வளைவு" என்றான்.

கன்னையன் கையை ஓங்கவில்லை.  "பத்து மடங்குன்னா? நீங்க எண்ணுங்கண்ணே. எண்ணுறத நிறுத்தாதீங்க."

மலையடிவாரத்தில், முந்தலில் பனி விலகியது. அப்போது துடிப்பு ஐம்பத்தெட்டு.

போடி அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம்பெண். ஒச்சப்பன் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "டிகாக்சின் கூடிப் போச்சும்மா. எழுதுனது இருபத்தஞ்சு மைக்ரோகிராம். குடுத்தது 0.25 மில்லிகிராம், இருநூத்தம்பது மைக்ரோகிராம். நேத்து சாயந்திரம் ஒண்ணு, இன்னிக்குக் காலைல ஒண்ணு. ரெண்டாவது வேளையில கொஞ்சம் வாந்தியில போயிருக்கலாம். எடை அஞ்சு கிலோ. இந்தா சீட்டு, இந்தா பாட்டிலு."

டாக்டர் இரண்டையும் பார்த்தார். "நல்லவேளை பாட்டிலைக் கொண்டாந்தீங்க" என்றார். "இதுக்கு மாத்து மருந்துன்னு நம்மகிட்ட ஒண்ணும் கிடையாது. உடம்பு தானா வெளியேத்தணும். அதுவரைக்கும் துடிப்பு நிக்காமப் பாத்துக்கணும். அவ்வளவுதான் நம்மளால முடியும்."

நர்ஸ் சந்திரவல்லி என்ற அம்மாள். நடுத்தர வயது, பெரிய குரல். டாக்டர் அட்ரோபின் ஊசி சொன்னார். மெதுவாகிப்போன துடிப்பைக் கூட்டும் மருந்து அது.

"பாயிண்ட் ஒன் மில்லிகிராம்" என்றார் டாக்டர்.

"பாயிண்ட் ஒன் மில்லிகிராம். மில்லிலிட்டர் இல்ல, மில்லிகிராம்" என்று நர்ஸ் திருப்பிச் சொன்னார்.

"ஆமா. மில்லிகிராம்."

எங்களை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கதவு திறந்தே இருந்தது. நர்ஸ் மேசைப் பக்கம் திரும்பி மருந்துக் குப்பியை உடைப்பது தெரிந்தது. அதன் பிறகு அவர் முதுகு மறைத்துவிட்டது. திரும்பி வந்தபோது கையிலிருந்த சிரிஞ்சில் மருந்து ஒரு மில்லி கோடு வரை நின்றது.

ஒச்சப்பன் அதைப் பார்த்துவிட்டார். அந்தக் குப்பி அவருக்குத் தெரிந்ததுதான். ஒரு மில்லிக் குப்பி, முழுக் குப்பியில் 0.6 மில்லிகிராம். பிள்ளைக்குச் சொன்னது 0.1. ஒரு மில்லி போனால் ஆறு மடங்கு. அவர் உள்ளே பாய்ந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாந்தாயி! கூட இருக்கு! கூட இருக்கு!"

"கையை விடுய்யா! ஊசி குத்தப் போவுது!"

"முழுக் குப்பியும் ஏத்திருக்கீங்க. ஆறு மடங்கு!"

நர்ஸ் கையை உதறிக்கொண்டார். ஆனால் ஊசியைப் போடவில்லை. மேசைக்குப் போய், அங்கிருந்த இன்னொரு பெரிய சிரிஞ்சை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அதில் ஐந்து மில்லி மீதி இருந்தது.

"குப்பி மருந்து ஒரு மில்லி. அதுல ஊசித் தண்ணி அஞ்சு மில்லி கலந்தேன். மொத்தம் ஆறு மில்லி. ஆறு மில்லிக்குள்ள பாயிண்ட் சிக்ஸ். அப்ப ஒரு மில்லிக்குள்ள எவ்வளவு? சொல்லும்."

ஒச்சப்பன் சிரிஞ்சுக் கோடுகளை எண்ணிப் பார்த்தார். "பாயிண்ட் ஒன்" என்றார் கடைசியில்.

"குப்பியிலேருந்து நேரா எடுத்தா ஆறுல ஒரு பங்கு மில்லி எடுக்கணும். அந்த ஒரு பங்குக்குக் கோடு எங்க இருக்கு? அதான் கலக்குறது. டாக்டரம்மா, நீங்களும் ஒருக்காப் பாத்துருங்க. இந்த மனுசன் என் கையையே நடுங்க வச்சுட்டாரு."

டாக்டர் குப்பியை வாங்கிப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார், தலையசைத்தார். ஊசி போயிற்று.

நாங்கள் நான்கு பேரும் கதவருகே நின்றோம். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஒச்சப்பனின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, கேட்க ஒன்றும் இல்லாமலே எண்ணிக்கொண்டிருந்தார்.

"எண்பதுக்கு வருது" என்றார் டாக்டர். "ஆனா இது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். ரத்தத்துல பொட்டாசியம் பாக்கணும், அந்த வசதி மதுரையிலதான் இருக்கு. உடனே கிளம்புங்க. சிஸ்டர் கூட வருவாங்க."

ஆஸ்பத்திரி வண்டியில் தாயும் தகப்பனும் நர்ஸும் ஏறினார்கள். ஒச்சப்பனும் ஏறினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. வண்டி திரும்பும்போது நர்ஸின் மடியில் அந்தப் பெரிய சிரிஞ்சு, மீதி மருந்தோடு, துணி சுற்றி, மருந்தின் பெயர் எழுதி இருந்ததைப் பார்த்தேன்.

நானும் கோட்டைச்சாமியும் மலை ஏறினோம். எஸ்டேட்டுக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. எப்படிப் போயிற்று என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை டிஸ்பென்சரி வாசலில் ஒரு பாட்டில் இருந்தது. அடுத்த லயத்து மாயக்காள் கொண்டுவந்து வைத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருவம்மாள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள். இருமல் மிக்சர், வயிற்று மிக்சர், பாதி குடித்தது, திறக்காதது. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பட்டை. யாரும் கத்தவில்லை. வைத்துவிட்டுப் போனார்கள். மாயக்காள் மட்டும் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"ரைட்டரய்யா, என் பேரனுக்கு நேத்துவரைக்கும் ரெண்டு படி குடுத்துருக்கேன். அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எனக்கு என்ன தெரியும்? மழையை அளப்பேன், காயை நிறுப்பேன்.   அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளைகள் உள்ள எல்லா லயத்திலும் அன்று அதே பயம்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்பி எழுப்பிப் பார்த்தார்கள்.

மதுரையிலிருந்து சேதி வர வழி இல்லை. ஒவ்வொரு பஸ்சுக்கும் நான் ரோட்டுக்குப் போய் நின்றேன். கண்டக்டர் கையை விரிப்பார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பஸ் நிற்கும் முன்பே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "பிள்ள பால் குடிச்சிருச்சாம்! பால் குடிச்சிருச்சாம்!"

ஒரு வாரம் பொறுத்து ஒச்சப்பன் திரும்பி வந்தார். வாசலில் பாட்டில்கள் அப்படியே இருந்தன, மழைத் தண்ணீரில் சில பட்டைகள் ஊறிப் பிரிந்திருந்தன. அவற்றைத் தாண்டி உள்ளே போக முடியாமல் ரொம்ப நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். யாருடையது, என்ன மருந்து, என்ன அளவு என்று சீட்டோடு ஒத்துப் பார்த்தார். மிக்சர்களில் ஒன்றும் தப்பில்லை. ஒரு தேக்கரண்டி முன்னே பின்னே போனாலும் தாங்குகிற மருந்துக்கு அந்தப் பட்டை போதும். சொட்டில் உயிர் நிற்கிற மருந்தில் அதை ஒட்டியதுதான் பிசகு.

மேனேஜர் விசாரணை வைத்தார். ஒச்சப்பன் எதையும் மறைக்கவில்லை. வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தது. அனுப்பினால் இன்னொரு கம்பவுண்டர் மலை ஏற மாட்டார் என்பதால் வைத்துக்கொண்டார்கள். அதை ஒச்சப்பன் தெரிந்தே வைத்திருந்தார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பகடிப் பேச்சு போயிற்று. குழந்தை மருந்து எதுவானாலும் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சீட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார். தன் விடையைச் சொல்ல மாட்டார். "போடுங்க ரைட்டரே" என்பார். நான் என் பாட்டுக்குக் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தன் கையிலுள்ள காகிதத்தைத் திறப்பார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நான் ஆமாம் போட்டுவிடுவேன் என்று அவருக்குப் பயம். இரண்டும் ஒத்துவரும் வரை அவர் மூச்சுவிட மாட்டார். நானும் விட மாட்டேன். எத்தனையோ வருஷம் கணக்கு எழுதிய கை, அந்த ஜன்னலில் மட்டும் வேர்த்தது. மூன்று முறை ஒத்துவரவில்லை. இரண்டு முறை பிசகு என்னுடையது. ஒரு முறை அவருடையது.

மதுரையிலிருந்து திரும்பும் முன் நர்ஸ் சந்திரவல்லி, ஒரு மில்லி கண்ணாடி சிரிஞ்சு ஒன்றை ஊசி இல்லாமல் பொன்னுமணிக்குக் கொடுத்து, அரை மில்லி கோட்டில் கறுப்பு நூல் கட்டிவிட்டிருந்தார். டாக்டர்கள் சில நாள் நிறுத்திவைத்துவிட்டு அதே மருந்தைச் சரியான அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார்கள். நிறுத்தினாலும் பிள்ளைக்கு ஆபத்து, கொடுத்தாலும் பயம். பொன்னுமணி பாட்டிலை ஒச்சப்பன் கையில் கொடுக்கவே மாட்டாள். அவள் உறிஞ்சுவாள், நூலுக்கு நேரே தூக்கிக் காட்டுவாள், அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துத் தலையசைப்பார். புதுப் பாட்டில் வரும்போதெல்லாம் இது நடக்கும். இருவரும் வேறு பேச்சே பேச மாட்டார்கள்.

1985-ல் மதுரையில் பார்த்துவிட்டு, ஓட்டை மூடிவிட்டது, மருந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பொன்னுமணி அந்தச் சீட்டோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். ஒச்சப்பன் அதை வாங்கிப் படித்தார். என்னையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரி படித்த பிறகுதான் நம்பினார்.

பொன்னுமணி மடியிலிருந்து சிரிஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள். நூல் மங்கிப்போயிருந்தது.

"இந்தாங்க கம்பவுண்டரய்யா. எனக்கு இனிமே எதுக்கு? இதைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது."

"எனக்கும் அப்படித்தான் ஆத்தா."

"அப்ப ரைட்டரய்யாகிட்டக் குடுங்க."

"அவருக்கு நம்ம ரெண்டு பேரை விட மோசம்" என்றார் ஒச்சப்பன்.

பொன்னுமணி சிரித்தாள். அந்த மழைக்குப் பிறகு அந்த அறையில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஒச்சப்பன் சிரிக்கவில்லை. சிரிஞ்சை எடுத்து, வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அலமாரியில் வைத்தார்.